மேலவீதி நூலகத் திறப்பு விழா உரை

பெரியோர்களே, வாசக நண்பர்களே, வணக்கம்.

பொதுப்பணித் துறையில் பாலங்கள் பல கட்டினேன். இந்தக் கூரையைப் போல எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்தது. இடையில் யாரோ சுவர்களுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். ஈரம் வெளியேற வழியின்றிப் புத்தகங்கள் வரை பூஞ்சை பிடித்தது. அதை முழுவதும் கொத்தி எடுத்தோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சாந்து அரைத்த கொத்தனார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்; முதல் கைதட்டல் அவர்களுக்கே!

வீட்டில் மின்விளக்கு இல்லாத பத்து வயதில், அந்த ஜன்னலோர பெஞ்சில்தான் படித்தேன். அதை மாற்றவில்லை, பழுது மட்டும் பார்த்தோம். குழந்தைகளே, இனி அது உங்கள் இடம். நூலகர் அம்மா, கதவைத் திறந்துவிடுங்கள்.