தரம் 4: நெத்மிக்கான முதல் மாதத் திட்டம்

அதிபருக்கும் தரம் 4க்குப் பாடம் எடுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும்,

வரும் திங்கட்கிழமை நெத்மி நம் வகுப்பில் சேருகிறாள். ஒன்பது வயது. அப்பா நீர்கொழும்பில் கடலுக்குப் போகிற சிங்களவர். அம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். போன மாதம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதால் பிள்ளை இப்போது லயத்தில் அம்மாயியோடு இருக்கிறாள். தரம் 3 வரை சிங்கள மொழிமூலம். தமிழில் "வா", "சாப்பிடு", "தண்ணி" அளவுக்குத்தான் பழக்கம்.

விடுகைப் பத்திரத்தோடு அவளுடைய பழைய கொப்பிகளையும் வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. வகுத்தல் கணக்கு வரை சரி. நன்றாக வாசிக்கும் பிள்ளை, எழுத்துதான் வேறு. அதனால் தரம் 1இல் உட்காரவைத்துப் பழக்கலாம் என்ற யோசனை எனக்குச் சரிவரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை.

முதல் வாரம்

பேசச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். முன்பு ஒரு பையனை நானே இரண்டாம் நாள் எழுப்பி வாசிக்கச் சொன்னேன், வகுப்பு சிரித்தது. அப்புறம் மூன்று வாரம் அவன் வாயே திறக்கவில்லை.

திங்கள் காலை இடாப்பில் பெயர் கூப்பிடும்போது "நெத்மி" என்றே கூப்பிடுவோம். செல்லப்பெயர், தமிழ்ப்பெயர் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அவளுக்குத் தேவையான வசனங்கள் மூன்று: "பாத்ரூம் போகட்டுமா டீச்சர்", "விளங்கவில்லை", "இன்னொருக்கா சொல்லுங்க". இவற்றைச் சிங்கள எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கிறேன்.

துணைக்கு இரண்டு பேர். அதே லயத்துப் பிள்ளை ஒன்று காலையில் கூட்டி வரும். பக்கத்தில் உட்காருவது வேறொரு பிள்ளை. ஒரே பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் இரண்டே வாரத்தில் அதற்கு அலுத்துவிடும்.

கணித ஆசிரியர் முதல் நாளே அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிடலாம். இலக்கங்கள் இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே. அவள் கெட்டிக்காரி என்பதை வகுப்பு முதலில் அங்கே பார்க்கட்டும்.

இரண்டாம் வாரம்

தெரிந்த சொற்களில் தொடங்குகிறேன். பாண், மேசை, ஜன்னல், அலுமாரி, சப்பாத்து: போர்த்துக்கேயர் விட்டுப்போன இந்தச் சொற்கள் சிங்களத்திலும் கொஞ்சம் வால் மாறி இருக்கின்றன. அக்கா, அம்மா, கடை, செருப்பு வேறு. படத்தைக் காட்டினால் பாதியை அவளே சொல்லிவிடுவாள்.

எழுத்துக்கு ட, ப, ம மூன்றும் முதலில். படம், பாடம், பட்டம் அப்போதே வந்துவிடும். கொம்பு அவளுக்குப் புதிதல்ல, சிங்களத்திலும் அது எழுத்துக்கு இடப்பக்கம்தான் வரும். சிக்கல் வேறு இடத்தில். "பாம்பு" என்று எழுதினால் இரண்டு ப-வுக்கும் இரண்டு ஓசை. சிங்களத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு, நம்மிடம் ஒன்றுதான். க, த, ட எல்லாவற்றிலும் இதே கதை. அவள் "பாம்பு"வை முதல் ப-வின் ஓசையிலேயே வாசித்தால் பிழை என்று சொல்ல வேண்டாம். திரும்பச் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். "ழ" பிறகு வரட்டும், நம் பிள்ளைகளுக்கே அது தகராறு.

மூன்றாம் வாரம்

இரண்டாம் தேசிய மொழிப் பாடத்தில் நெத்மிதான் ராணி. வாரத்தில் ஒரு தரம் சிங்களப் பந்தி ஒன்றை அவள் வாசிக்கட்டும், மற்றவர்கள் உச்சரிப்பைக் கேட்கட்டும். அதோடு நிறுத்துவோம். மொழிபெயர்க்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தால் "சிங்களப் புள்ள" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர் மைதானத்தில் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள். நமக்கும் ஒரு சோதனை உண்டு: அவசரத்துக்குச் சிங்களத்திலேயே பேசி முடித்துவிடத் தோன்றும். அழுதாலோ உடம்புக்கு முடியாவிட்டாலோ சிங்களம். மற்ற நேரம் மெதுவான, சின்னத் தமிழ்.

சமயம் கத்தோலிக்கம். அந்தப் பாடவேளையில் தரம் 4 கத்தோலிக்கப் பிள்ளைகளோடு போவாள். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடும்போது சும்மா நின்றால் போதும்.

வீடு

அம்மாயி பெரட்டுக்குப் போய்விடுவார், காலையில் பாடசாலைக்கு வரச் சொல்ல முடியாது. புதன்கிழமை மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, நானே லயத்துக்குப் போகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது என்று கூச்சப்படுகிறார். எழுத்து வேண்டாம், இரவில் ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறேன். அம்மா இரவு ஒன்பது மணிபோல வாட்ஸ்அப்பில் பேசுவாராம். குவைத்தில் அப்போது ஆறரை. மகளோடு சிங்களத்தில் பேசுகிறவர் முதல் ஐந்து நிமிடம் தமிழில் பேசினால் பெரிய உதவி.

நான்காம் வாரம்

வெள்ளிக்கிழமை இடைவேளைக்குப் பின் தனியாக உட்கார்ந்து பார்ப்பேன்: பத்துப் பன்னிரண்டு எழுத்து, ஐம்பது சொல், கேட்காமலே அவளாகச் சொன்ன ஒரு வசனமாவது. புள்ளி போடப்போவதில்லை. தவணைப் பரீட்சையில் கணிதக் கேள்விகளை அவளுக்கு வாயால் வாசித்துக் காட்ட அதிபரின் அனுமதி வேண்டும். அன்று ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் கூடுவோம். அவரவர் பாடத்தில் அவள் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொற்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

தரம் 4 வகுப்பாசிரியை