அப்பாவுக்கு: கைப்பேசியில் காசு கட்டுவது பற்றி

பெர்த்,
8.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கச்சி இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். கையில் வைத்து நிதானமாகப் படியுங்கள்.

உங்களிடம் மாட்டுப் பால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் “அங்கிள், கியூஆர் இல்லையா?” என்று கேட்கிறார்கள் என்றீர்கள். சுங்கை சிப்புட் டவுனில் ரொட்டி சானாய் கடையிலும் மருந்துக் கடையிலும் அதே கேள்விதான் என்றும், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்றும் கேட்டீர்கள். தேவைதான் அப்பா, பயனும் உண்டு. ஆனால் அவசரப்பட்டு ஆரம்பிக்கக் கூடாது. அன்றைக்குத் தொலைபேசியில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று. உங்கள் சேமிப்புக் கணக்கு, அதாவது ஈபிஎஃப் பணத்தை எடுத்துப் போட்டு வைத்திருக்கிற அந்தக் கணக்கு, கைப்பேசிக்குள் வரவே வேண்டாம். அந்த வங்கியின் செயலியை இறக்காதீர்கள். அந்த ஏடிஎம் கார்டின் எண்ணை எந்தச் செயலியிலும் போடாதீர்கள். இப்போது இருப்பது போலவே புத்தகத்தோடு வங்கிக்குப் போய் எடுங்கள். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை இறக்கிச் சேர்த்த காசு அது. கைப்பேசி தொலைந்தாலும், யாராவது ஏமாற்றினாலும், அந்தக் காசுக்கு வழியே இருக்கக் கூடாது. வங்கி நொடித்துப் போனால்கூட அந்தச் சேமிப்புக்கு 250,000 வெள்ளி வரை அரசாங்கத்தின் பிஐடிஎம் காப்புறுதி இருக்கிறது. இ-வாலெட்டில், அதாவது கைப்பேசிக்குள் காசு வைத்துக் கட்டுகிற செயலியில், கிடக்கும் காசுக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. ஆகவே இ-வாலெட்டில் எப்போதும் கடைச்செலவுக் காசு மட்டும் இருக்கட்டும். 50 வெள்ளி, கூடிப்போனால் 100 வெள்ளி. போனால் வருத்தப்படுவோம், ஆனால் வாழ்க்கை நின்றுவிடாது என்கிற அளவுதான்.

தங்கச்சி வரும் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து வருவாள். அவள் பக்கத்தில் இருக்க, நீங்களே உங்கள் கையால் செய்யுங்கள். Play Store-க்குள் போய் Touch 'n Go eWallet என்று தேடுங்கள். பெயருக்குக் கீழே TNG Digital என்று இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்றும், போலீஸ் சம்மன் என்றும், வீடு துப்புரவு செய்யும் கம்பெனி என்றும் சொல்லி .apk என்று முடியும் கோப்பை அனுப்புகிறார்கள். அதைத் தட்டி உள்ளே விட்டால், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி எல்லாம் அவர்கள் கண்ணுக்குப் போய்விடும். தெரிந்தவர் அனுப்பினாலும் தட்டாதீர்கள். அவருடைய வாட்ஸ்அப்பே களவு போயிருக்கலாம்.

செயலி உங்களைப் பதிந்துகொள்ளும்போது ஐசியைப் படம் எடுக்கச் சொல்லும், முகத்தையும் காட்டச் சொல்லும். அந்தச் செயலிக்குள் அதைச் செய்வது சரி. வேறு யாருக்கும், எந்தக் காரணத்துக்கும், ஐசி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பிறகு ஆறு இலக்க PIN ஒன்று வைக்கச் சொல்லும். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும் அப்பா. ஆறு இலக்கம் என்றதும் பிறந்த தேதிதான் எல்லாருக்கும் கைக்கு வரும். உங்கள் ஐசியை எடுத்துப் பாருங்கள், எண்ணின் முதல் ஆறு இலக்கம் உங்கள் பிறந்த தேதியேதான். பர்ஸ் தொலைந்து, கைப்பேசியும் அதோடு போனால், எடுத்தவன் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பான். அம்மாவின் பிறந்த தேதி, என் பிறந்த தேதி, மோட்டார் நம்பர், இவையும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமே ஞாபகம் இருக்கும் எண்ணாக வையுங்கள். என்னிடமும் தங்கச்சியிடமும்கூடச் சொல்லாதீர்கள். கைப்பேசி உறைக்குள் எழுதி வைக்கிற பழக்கமும் வேண்டாம். கைப்பேசித் திரைக்கும் ஒரு பூட்டுப் போடுங்கள். அதன் எண் வேறாக இருக்கட்டும்.

செயலிக்குள் GO+ என்று ஒன்று, GOpinjam என்று ஒன்று எல்லாம் கண்ணில் படும். முதலீடு, கடன் சமாச்சாரம் அது. தொட வேண்டாம். Auto Reload என்பதும் நிறுத்தியே இருக்கட்டும். காசு தீர்ந்தால் தானாக வந்து நிரம்பக் கூடாது, நீங்கள் தெரிந்துதான் நிரப்ப வேண்டும். மாதம் ஒருமுறை தங்கச்சி அவள் கணக்கிலிருந்து 50 வெள்ளி போட்டுவிடுவாள். அந்தக் காசை நான் அவளுக்கு அனுப்பிவிடுகிறேன், நீங்கள் கணக்குப் பார்க்காதீர்கள்.

முதல் முறை ரொட்டி சானாய் கடையிலேயே கட்டிப் பாருங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். கல்லாவில் DuitNow QR என்று ரோஸ் நிறத்தில் ஒரு அட்டை நிற்கும். Scan தொட்டு அதன்மேல் காட்டினால் திரையில் ஒரு பெயர் வரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பெயரைப் படியுங்கள். சில சமயம் கடைப் பலகையில் உள்ள பெயர் வராது, முதலாளி பெயரோ பதிவு செய்த கம்பெனி பெயரோ வரும். “இந்தப் பெயர் உங்களுடையதுதானா?” என்று கடைக்காரரிடம் திரையைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அட்டையின் மேல் வேறு கியூஆரை ஒட்டிவிட்டுப் போகிற களவும் உண்டு, கேட்டால் கடைக்காரருக்கும் நல்லது. பெயர் சரி என்றால் தொகையைப் போடுங்கள். சில செயலிகளில் புள்ளி தானாக விழும், சிலவற்றில் நாம் போட வேண்டும். 3.50 வெள்ளி 350 வெள்ளியாகிவிடாமல் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்புறம் PIN போடுங்கள். ரசீது வந்ததும் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கம் லைன் சரியாக இருக்காது. திரை சுற்றிக்கொண்டே நின்றால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். கணக்குப் பட்டியலைத் திறந்து, முதல் முறை போய்விட்டதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். பர்ஸில் எப்போதும் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், கைப்பேசி வந்துவிட்டது என்பதற்காக அதை விட வேண்டாம்.

இது பழகிய பிறகு பால் காசு. உங்கள் செயலியிலேயே காசு வாங்குவதற்கான கியூஆர் இருக்கிறது. தங்கச்சி அதை அச்செடுத்துப் பிளாஸ்டிக் போட்டுக் கொடுப்பாள், மோட்டார் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் “அனுப்பிட்டேன் அங்கிள்” என்று தன் கைப்பேசியைக் காட்டுவார். அது போதாது. பழைய படத்தைக் காட்டவும் ஆள் இருக்கிறது. உங்கள் செயலியில் காசு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பொங்கல் நேரத்தில் புது ஆட்கள் நிறைய வருவார்கள், அப்போது இன்னும் கவனம். இன்னொன்றும் மனதில் வையுங்கள்: காசு வாங்குவதற்கு PIN தேவையில்லை, குறுஞ்செய்தியில் வரும் எண்ணும் தேவையில்லை. “உங்களுக்குக் காசு அனுப்பத்தான் அந்த நம்பர் வேண்டும்” என்று யார் கேட்டாலும், அவர் எடுக்க வந்தவர். பால் காசு 100 வெள்ளியைத் தாண்டினால் தங்கச்சி கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், அவள் ரொக்கமாகக் கொண்டுவந்து தருவாள்.

நம் லயத்துப் பெரியப்பாவுக்கு நடந்ததை நீங்கள்தான் சொன்னீர்கள். போலீஸ் என்று அழைத்தார்கள், உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது என்றார்கள், யாரிடமும் சொல்லக் கூடாது, லைனை வைக்கக் கூடாது என்றார்கள். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. பயத்தில் யோசிக்க விடாமல் செய்வதுதான் அவர்கள் வேலை. போலீஸோ பேங்க் நெகாராவோ தொலைபேசியில் கூப்பிட்டுக் காசை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை. உங்களுக்கு அப்படி அழைப்பு வந்தால் மரியாதை பார்க்காமல் வைத்துவிடுங்கள். பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராக டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசும்போது திரையைக் காட்டச் சொன்னாலும் காட்டாதீர்கள், நீங்கள் தட்டுவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

உதவித்தொகை என்று வரும் இணைப்புகளும் அப்படித்தான். அரசாங்கம் கொடுத்த சாரா உதவி 100 வெள்ளிக்கு நீங்கள் கடையில் ஐசியை மட்டும் காட்டிச் சாமான் வாங்கினீர்களே, எந்த இணைப்பையும் தட்டவில்லை. எஸ்டிஆர் உதவித்தொகை பற்றிச் சந்தேகம் இருந்தால் தங்கச்சியிடம் கேளுங்கள். மாட்டுத் தீவனத்தை ஃபேஸ்புக்கில் பார்த்து வாங்கத் தோன்றினாலும், விற்பவரின் கணக்கு எண்ணை முதலில் அவளுக்கு அனுப்புங்கள். போலீஸின் Semak Mule பக்கத்தில் அந்த எண்ணின் மேல் புகார் இருக்கிறதா என்று பார்ப்பாள். புகார் இல்லை என்பதாலேயே நல்ல ஆள் என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது தவறிப் போனால் 997. கைப்பேசிப் பின்புறம் இந்த எண்ணை ஒட்டி வையுங்கள், அம்மாவின் கைப்பேசியிலும் ஒட்டுங்கள். 2022-இல் அரசாங்கம் ஆரம்பித்த மோசடி உதவி மையம் அது. காசு போனது தெரிந்த நிமிடமே அழைக்க வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது. களவு போன காசை அவர்கள் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளியே எடுப்பதற்குள் பிடித்தால்தான் உண்டு. கைப்பேசியே தொலைந்தால் அம்மாவின் கைப்பேசியிலிருந்து இ-வாலெட் கம்பெனியையும் சிம் கார்டு கம்பெனியையும் அழைத்து முடக்கச் சொல்லுங்கள். அந்த எண்களைத் தங்கச்சி காலண்டரில் எழுதி வைப்பாள்.

அப்புறம் எனக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள் அப்பா, நான் ஒரு வார்த்தை கோபமாகப் பேச மாட்டேன். பெர்த் நேரமும் நம் ஊர் நேரமும் ஒன்றுதான், நடு ராத்திரி ஆனாலும் கூப்பிடுங்கள்.

கரண்ட் பில்லையும் இதிலேயே கட்டலாம், போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதை இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். இப்போதைக்குக் கடைச்செலவும் பால் காசும் மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஐசியையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வையுங்கள். கைப்பேசியை முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். அன்று மாலை நான் அழைக்கிறேன். இதில் புரியாத இடத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், ஒவ்வொன்றாகப் பேசலாம். அம்மாவிடம் முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்
செல்வம்