ஆச்சிக்கு: புது போன்ல வாட்ஸ்அப்பைத் திரும்பத் திறக்க

அன்புள்ள ஆச்சி,

போன் பெட்டியோட இந்தத் தாளையும் வச்சு அனுப்புறேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை முழுசா வாசிங்க. அதுக்கப்புறம் போனைக் கையில எடுங்க. வாசிக்கும்போது எதையும் அமுக்க வேண்டாம். எழுத்தைப் பெருசாத்தான் எழுதியிருக்கேன்.

பாதி வேலையை இங்க பெங்களூர்லயே முடிச்சிட்டேன். போன வாரம் ராத்திரி உங்களைக் கூப்பிட்டு, "பழைய போன்ல ஒரு கேள்வி வரும், Yes-ஐ அமுக்குங்க"ன்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். உங்க கூகுள் கணக்கு இப்போ புது போன்லயும் இருக்கு. வாட்ஸ்அப்பையும் இறக்கி வச்சிருக்கேன். மீதி இருக்கிறது உங்க சிம் இல்லாம நடக்காது. அதனால அதை நீங்கதான் செய்யணும். செஞ்சிருவீங்க. பீடிக் கட்டுக் கணக்கைக் கடைக்காரர் நோட்டோட ஒப்பிட்டு, ஒரு கட்டு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சவங்க நீங்க. இங்கயும் எண்ணைப் பார்த்து எண்ணைப் போடுற வேலைதான்.

முதல் வேலை பழைய போன்ல. இதை முடிக்காம சிம்மைக் கழட்டிராதீங்க. கீழ்ப்பக்கம் கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் மேல்பக்கம் நல்லாத்தான் வேலை செய்யுது, அது போதும். வாட்ஸ்அப்பைத் திறந்தா மேல வலது ஓரத்துல ஒன்னுக்குக் கீழ ஒன்னா மூணு புள்ளி இருக்கும். அதைத் தொட்டா ஒரு பட்டியல் விழும். அதுல Settings, அதுக்குள்ள Chats, அதுக்குள்ள Chat backup. இங்கிலீஷ் எழுத்தைத் திரையில எப்படி இருக்குமோ அப்படியே எழுதியிருக்கேன், தாளைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க. கடைசியா Back up-னு பச்சையா ஒரு பொத்தான் வரும், அதைத் தொடுங்க. ஒரு கோடு மெதுவா நகரும். அது முடியிற வரைக்கும் போன் சார்ஜ்லயே இருக்கட்டும், வைஃபையும் ஓடட்டும். மதியம் சாப்பிடப் போகும்போது போட்டுவிட்டுட்டுப் போனீங்கன்னா வசதியா இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பெரியாச்சி உங்களுக்குப் பேசி அனுப்பின குரலெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. கல்லிடைக்குறிச்சியில இருந்து தினம் காலையில "ஏட்டி, எந்திச்சிட்டியா"ன்னு கேட்பாங்களே, அந்தக் குரல். சாயங்காலம் நீங்க அதைப் போட்டுக் கேட்கிறது எனக்குத் தெரியும். இந்த ஒரு வேலையைச் சரியாச் செஞ்சா அது அத்தனையும் புது போனுக்கு வந்துரும்.

அடுத்தது சிம். அந்தச் சின்ன ஊசியை வச்சு நீங்க மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்து வீட்டு டீச்சர் மக ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பா, அவகிட்ட பேசிட்டேன். வந்து சிம்மை மாத்திக் கொடுப்பா, வைஃபை பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுப்பா. வைஃபை பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற சீட்டுலயே பாஸ்வேர்ட் இருக்கு. அவ்வளவுதான் அவ வேலை. அதுக்கு மேல உள்ளதை நீங்களே செய்யுங்க. அவ நல்ல பிள்ளை, ஆனாலும் ரகசிய நம்பரை நீங்கதான் பார்க்கணும், நீங்கதான் போடணும்.

இப்போ புது போனைக் கையில எடுங்க. பச்சை வட்டத்துக்குள்ள போன் படம் போட்டிருக்கிறதைத் தொடுங்க. முதல்ல மொழி கேட்டா தமிழை எடுக்க வேண்டாம், English-லயே விட்டிருங்க. தமிழ்ல போட்டா திரையில வர்ற வார்த்தையும் இந்தத் தாள்ல உள்ள வார்த்தையும் ஒத்துப்போகாது. நான் ஊருக்கு வந்தப்புறம் தமிழுக்கு மாத்தித் தர்றேன். அடுத்து கீழ Agree and continue-னு வரும், தொடுங்க.

பிறகு உங்க நம்பரைக் கேட்கும். மேல India-ன்னும், அதுக்குக் கீழ 91-ன்னும் தானாவே இருக்கும். அதைத் தொடாதீங்க. பக்கத்துல உள்ள கோட்டுல உங்க நம்பர் பத்து இலக்கத்தையும் போடுங்க. முன்னால சைபர் போடக் கூடாது. நம்பரை ஒரு சீட்டுல எழுதிப் போன் உறைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். போட்டதும் Next. உடனே அந்த நம்பரையே பெருசாக் காட்டி, சரிதானான்னு கேட்கும். இங்க அவசரப்படாதீங்க. ஒவ்வொரு இலக்கமா விரலை வச்சுச் சீட்டோட ஒத்துப் பாருங்க. ஒரு எண் மாறினாலும் வேற யாருக்கோ போயிரும். தப்பா இருந்தா Edit, சரியா இருந்தா அதுக்குப் பக்கத்துல உள்ள இன்னொரு பொத்தான்.

இடையில Continue, Allow-னு கேட்டா ரெண்டையும் தொடலாம். நம்ம போன் புத்தகத்துல உள்ள பேரைப் பார்க்க அனுமதி கேட்குது. கொடுத்தாத்தான் "அம்பை மாமா", "சின்ன மக"ன்னு பேர் தெரியும், இல்லைன்னா வெறும் நம்பராத்தான் தெரியும். மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்க்கவான்னு கேட்கிற மாதிரி ஒரு பக்கம் வந்து, அதுல Verify another way-னு இருந்தா அதைத் தொட்டு SMS-ஐத் தேர்ந்தெடுங்க. அதுதான் உங்களுக்குப் பழக்கமான வழி.

கொஞ்ச நேரத்துல ஆறு இலக்க நம்பர் ஒன்னு எஸ்எம்எஸ்ஸா வரும். சில சமயம் போனே அதைப் படிச்சுத் தானாப் போட்டுக்கும். அப்படி நடந்தா நீங்க ஒன்னும் செய்ய வேண்டாம். போடலைன்னா மேல இருந்து விழுற செய்தியைப் பார்த்து, ஆறு இலக்கத்தையும் முதல்ல ஒரு தாள்ல எழுதிக்கோங்க, பிறகு திரையில போடுங்க. நம்பர் வரவே இல்லைன்னா திரையில ஓடுற நேரம் முடியிற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் Call me-ன்னு ஒன்னு தெரியும். அதைத் தொட்டா போன் அடிக்கும், எடுத்தா ஒரு குரல் அந்த நம்பரைச் சொல்லும். தோராயமா எதையாவது போட்டுப் பார்க்காதீங்க. திரும்பத் திரும்பத் தப்பாப் போட்டா ரொம்ப நேரம் பூட்டிக்கும்.

ஆச்சி, அந்த ஆறு இலக்க நம்பர் நம்ம வீட்டுச் சாவி மாதிரி. யார் கையில இருக்கோ அவங்க உள்ள வந்துருவாங்க. "உங்க போனுக்குத் தப்பா ஒரு நம்பர் அனுப்பிட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கம்மா"ன்னு யாராவது கூப்பிட்டா, குரல் எவ்வளவு பணிவா இருந்தாலும் போனை வச்சிருங்க. தெரிஞ்சவங்க பேர்ல வாட்ஸ்அப்புல கேட்டாலும் கொடுக்காதீங்க, ஏன்னா அவங்க கணக்கையே யாராவது பிடிச்சு வச்சிருக்கலாம். அந்த நம்பரை வாங்கித்தான் உங்க பேர்ல உள்ள போவாங்க. போயி நம்ம சொந்தக்காரங்ககிட்ட, "அவசரம், பணம் அனுப்பு"ன்னு நீங்க கேட்கிற மாதிரியே கேட்பாங்க. நானே கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லாதீங்க. எனக்கு அது தேவையே இல்லை. பணம் போற மாதிரி ஏதாவது நடந்துட்டா 1930-ன்னு ஒரு நம்பர் இருக்கு, இணைய மோசடிக்குன்னே அரசாங்கம் வச்சிருக்கிறது. உடனே அதுக்குக் கூப்பிடணும், பிறகு எனக்கு. இதையும் போன் உறைச் சீட்டுல எழுதியிருக்கேன்.

எஸ்எம்எஸ் நம்பரைப் போட்டதும் இன்னொரு ஆறு இலக்கம் கேட்கும். குழம்பிராதீங்க, இது வேற. எஸ்எம்எஸ்ல வர்றது ஒவ்வொரு தடவையும் மாறும். இது நம்ம ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து வச்ச PIN. நீங்க ஒரு தேதி சொன்னீங்க, நான் போட்டேன். எந்தத் தேதின்னு இந்தத் தாள்ல எழுத மாட்டேன், உங்களுக்கு அது மறக்காது. நாள், மாசம், வருஷம்னு ரெண்டு ரெண்டு எண்ணாப் போடுங்க. வருஷத்துக்குக் கடைசி ரெண்டு எண் மட்டும்.

இப்பத்தான் முக்கியமான இடம். Restore-னு ஒன்னும் Skip-னு ஒன்னும் வரும். Restore-ஐத் தொடுங்க. R எழுத்துல ஆரம்பிக்கிறது. பழைய செய்தியெல்லாம் அப்போதான் இறங்கும். ஒரு கோடு ஓடி, எத்தனை சதவீதம்னு காட்டும். அப்போ போனை அணைக்காதீங்க, சார்ஜர்ல போட்டு வைஃபை பெட்டி இருக்கிற உள் ரூம்லயே வச்சிருங்க. எழுத்துச் செய்தி முதல்ல வரும். படமும் குரலும் பின்னால மெதுவா வந்து சேரும். திறந்த உடனே பெரியாச்சி குரல் இல்லைன்னு பதற வேண்டாம், ராத்திரி வரைக்கும் கூட ஆகலாம்.

கை தவறி Skip-ஐ அமுக்கிட்டாலும் ஒன்னும் அழிஞ்சிராது. ஆனா அன்னைக்கே எனக்குக் கூப்பிடுங்க, மறுநாள்னு தள்ளாதீங்க. ராத்திரி அது தானாப் புதுசாச் சேமிக்கப் பார்க்கும், அப்போ பழைய சேமிப்பு மேல புதுசு ஏறிரும். அதுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா சரி பண்ணிரலாம்.

கடைசியா பேரும் படமும் கேட்கும். பேர் ஏற்கெனவே இருக்கும், Next மட்டும் போதும். பட்டியல்ல நம்ம குடும்ப குரூப் தெரிஞ்சா வேலை முடிஞ்சது.

அந்த நேரத்துல பழைய போன்ல, இந்த நம்பர் இங்க இல்லைங்கிற மாதிரி ஒரு செய்தி வரும். அது சரிதான். ஒரு நம்பருக்கு முதல் போன் ஒன்னுதான் இருக்க முடியும். அங்க Verify-னு ஏதாவது காட்டினாலும் தொடாதீங்க, தொட்டா திரும்பப் பழைய போனுக்கே போகப் பார்க்கும். பழைய போனை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், பாத்திரக்காரன்கிட்ட போடவும் வேண்டாம். அணைச்சு பீரோவுல வச்சிருங்க. பொங்கலுக்கு வரும்போது அதுக்குள்ள உள்ளதைத் துடைச்சிட்டு நானே பார்த்துக்கிறேன். பேங்க் வேலையும் அதுவரைக்கும் புது போன்ல வேண்டாம். பென்ஷன் பணத்துக்கு இப்போதைக்குப் பாஸ்புக்கே போதும்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல நான் ரூம்லதான் இருப்பேன். எங்க நின்னாலும் அங்கேயே விட்டுட்டு மாமா போன்ல இருந்து கூப்பிடுங்க. திரையில என்ன எழுதியிருக்குன்னு எழுத்துக் கூட்டிச் சொன்னாப் போதும். முடிஞ்சதும் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்புங்க: என் பேரைத் தொட்டு, கீழ வலது பக்கம் உள்ள மைக்கை விரல் எடுக்காம அமுக்கிப் பிடிச்சுப் பேசுங்க. பேசி முடிச்சதும் விரலை எடுத்தாப் போதும், அதுவே வந்துரும்.

உங்க பேரன்,
முத்து

பி.கு: பழைய சார்ஜர் இதுக்குப் பொருந்தாது, பின் வேற. அழுத்திச் சொருகிராதீங்க. புதுசு பெட்டிக்கு அடித்தட்டுல இருக்கு, எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகும்.