பேன்ட் ஓரம் மடித்துத் தைக்க

செல்லம்மா,

தையல்காரர் 20 டாலர் கேட்டார் என்றாயே, கையாலேயே தைத்துவிடலாம். நீலப் பெட்டியில் ஊசி, கறுப்பு நூல், குண்டூசி வைத்திருக்கிறேன்.

முதலில் பேன்ட்டைத் துவைத்துக் காயவை. பருத்தித் துணி சுருங்கும். அப்புறம் ஆபீஸ் ஷூவோடு போட்டுப் பார்த்து, வேண்டிய உயரத்தில் குண்டூசி குத்து. குனிந்து நீயே குத்தினால் அளவு மாறும், கூட இருக்கும் பெண்ணைக் குத்தச் சொல்.

அந்தக் கோட்டுக்குக் கீழே 4 செ.மீ. விட்டு மீதியை வெட்டு. உள்பக்கமாக முதலில் 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. மடித்து இஸ்திரி போடு. இதை மட்டும் விட்டுவிடாதே, மடிப்பு நின்றால்தான் தையல் நேராக வரும்.

நூல் முழங்கை நீளம் போதும், ஒற்றை இழை. முடிச்சை மடிப்புக்குள் ஒளித்து, உள்தொடைத் தையலில் ஆரம்பி. வெளித்துணியில் ஓரிரு இழையை மட்டும் ஊசியால் எடு, பிறகு மடிப்பின் விளிம்பில் குத்து. அரை செ.மீ. இடைவெளி. நூலை இறுக்காதே, வெளியே சுருக்கம் தெரியும். கடைசியில் அதே இடத்தில் மூன்று முறை குத்தி முடி.

பகல் வெளிச்சத்தில் தை கண்ணு. கறுப்பில் கறுப்பு நூல், கண் வலிக்கும். முடித்ததும் போட்டோ அனுப்பு.

அம்மா