ஒளித்தாக்கமும் இருள் தாக்கமும்: உள்ளே போவதும் வெளியே வருவதும்

உயிரியல், தரம் 12, இரண்டாம் தவணை ஒப்படை
கிளிநொச்சி

வினா: ஒளித்தொகுப்பின் இரு கட்டங்களையும் அவற்றின் உள்ளீடு, வெளியீடுகளுடன் விளக்குக. ஓடிக்கொண்டிருக்கும் தாக்கத்தில் திடீரென ஒளியை நிறுத்தினால் கல்வின் வட்டத்துக்கு என்ன நேரும் எனக் காரணத்துடன் கூறுக.

சாதாரண தரத்தில் நாங்கள் படித்த சமன்பாடு ஒரே வரிதான். காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்து, ஒளியும் பச்சையமும் உதவ, குளுக்கோசும் ஒட்சிசனும் கிடைக்கின்றன. அந்த வரி சரியானதுதான். ஆனால் அதைப் பார்த்தால் காபனீரொட்சைட்டு உடைந்து அதிலிருந்து ஒட்சிசன் வருவதுபோலத் தோன்றும். வெளிவரும் ஒட்சிசன் முழுவதும் நீரிலிருந்தே வருகிறது. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு கட்டங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கணக்குப் பார்த்தே எழுதலாம். அதனால் இந்த ஒப்படையை ஒரு வரவு செலவுக் கணக்காகவே எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் பார்த்தது

இரணைமடு வாய்க்காலில் பிடுங்கி வந்த ஐதரில்லாவை முகவையில் வைத்து, புனலைக் கவிழ்த்து, அதன் மேல் நீர் நிரப்பிய சோதனைக்குழாயைத் தலைகீழாகப் பொருத்தினோம். நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டது காபனீரொட்சைட்டுக்காக. யன்னல் வெயிலில் வைத்துக் கொஞ்ச நேரத்தில், தண்டின் வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் நூல் பிடித்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. வெயிலை ஒரு கொப்பியால் மறைத்ததும் அவை இடைவெளி விட்டு வந்தன, பிறகு நின்றேவிட்டன. கொப்பியை எடுத்ததும் மறுபடி ஏறத் தொடங்கின. குழாயில் சேர்ந்த வாயுவுக்குள் தணற்குச்சியைக் காட்டினால் அது பளிச்சென்று எரிந்தது.

ஒளி இருந்தால் ஒட்சிசன் வரும் என்று இந்தப் பரிசோதனை காட்டுகிறது. அந்த ஒட்சிசன் எந்த மூலக்கூறிலிருந்து வந்தது என்று இது சொல்லாது. அதற்கு வேறு பரிசோதனைகள் தேவைப்பட்டன. 1937 இல் றொபேட் ஹில் இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளுக்கு இலத்திரனை வாங்கக்கூடிய ஓர் இரும்பு உப்பைக் கொடுத்து ஒளி காட்டினார். காபனீரொட்சைட்டு வெல்லமாக மாறாமலே ஒட்சிசன் வந்தது. 1941 இல் ரூபனும் கேமனும் அவர்களது கூட்டாளிகளும் குளோரெல்லா அல்காவுக்கு ஒட்சிசன்-18 சமதானி கலந்த நீரைக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்தச் சமதானி இருந்தது. காபனீரொட்சைட்டு பக்கத்தில் சமதானியை வைத்தபோது வாயுவில் அது அவ்வாறு வரவில்லை. என் பார்வையில் இந்தப் பாடத்திலேயே மிக அழகான பரிசோதனை இதுதான்.

ஒளித்தாக்கம்

நடக்கும் இடம் பச்சையவுருமணியின் தைலக்கொயிட்டு மென்சவ்வு. ஒளித்தொகுதி II இல் உள்ள P680 பச்சையம் ஒளியை உறிஞ்சி ஓர் இலத்திரனை இழக்கிறது. இழந்த இடத்தை நிரப்ப நீர் பிளக்கப்படுகிறது. இதைச் செய்யும் மையத்தில் மங்கனீசு அணுக்கள் உள்ளன. இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஒட்சிசன் மூலக்கூறு, நான்கு புரோத்தன்கள், நான்கு இலத்திரன்கள்:

2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻

இலத்திரன்கள் காவிகளின் வரிசையில் இறங்கி ஒளித்தொகுதி I ஐ அடைகின்றன. அங்கே P700 மறுபடி ஒளியை வாங்கி அவற்றைத் தூக்கிவிட, முடிவில் NADP⁺ அவற்றை ஏற்று NADPH ஆகிறது. இறங்கும் வழியில் விடுபடும் சக்தியால் புரோத்தன்கள் பஞ்சணையிலிருந்து தைலக்கொயிட்டின் உள்ளே தள்ளப்படுகின்றன. நீர் பிளந்து வந்த புரோத்தன்களும் அங்கேயே சேர்கின்றன. உள்ளே குவிந்த இவை ATP தொகுப்பி நொதியத்தின் ஊடாக வெளியே பாயும்போது ADP, பொசுபேற்றுடன் சேர்ந்து ATP ஆகிறது.

ஒளி நேரடியாக ATP ஐச் செய்வதாகப் பலர் எழுதுகிறார்கள். ஒளி செய்வது இலத்திரனை உயர்த்துவது. அதனால் உண்டாகும் புரோத்தன் செறிவு வித்தியாசமே ATP ஐச் செய்கிறது. பீற்றர் மிச்செல் 1961 இல் முன்வைத்த கருத்து இது. அதற்காக 1978 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு குளுக்கோசுக்கு உரிய கணக்கில் ஒளித்தாக்கம் இப்படி வரும். ATP உண்டாகும்போது விடுபடும் நீரும் பிறகு அது உடையும்போது செலவாகும் நீரும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அவற்றை எழுதவில்லை.

12H₂O + 12NADP⁺ + 18ADP + 18Pi → 6O₂ + 12NADPH + 12H⁺ + 18ATP

உள்ளீடு: ஒளி, நீர், NADP⁺, ADP, பொசுபேற்று. வெளியீடு: ஒட்சிசன், NADPH, ATP. இதில் செடியை விட்டு வெளியே போகக்கூடியது ஒட்சிசன் மட்டும். மற்ற இரண்டும் பச்சையவுருமணிக்குள்ளேயே அடுத்த கட்டத்துக்குப் போகின்றன. காபனீரொட்சைட்டை இந்தப் பட்டியலில் எழுதினால் விடை பிழை.

நீரிலிருந்து NADP⁺ வரை ஒரே நேர்வழியில் ஓடும் இலத்திரன்கள், கல்வின் வட்டம் கேட்கும் 3:2 விகிதத்துக்குப் போதிய ATP ஐத் தருவதில்லை. அந்தக் குறையை நிரப்பும் வழிகளில் முக்கியமானது வட்ட முறையான ஒளிப்பொசுபோரிலேற்றம். ஒளித்தொகுதி I இலிருந்து புறப்பட்ட இலத்திரன் திரும்ப அங்கேயே வருகிறது. கிடைப்பது ATP மட்டும். நீர் பிளக்கப்படாது, ஒட்சிசனும் வராது, NADPH உம் வராது.

இருள் தாக்கம், அதாவது கல்வின் வட்டம்

நடக்கும் இடம் பஞ்சணை. மூன்று காபனீரொட்சைட்டை வைத்து எண்ணுவதுதான் சுலபம்.

முதலில் பதித்தல். ருபிஸ்கோ நொதியம் மூன்று காபனீரொட்சைட்டை மூன்று RuBP உடன் சேர்க்கிறது. RuBP ஐந்து காபன் சேர்வை. ஆகவே 15 உம் 3 உம் 18 காபன். கிடைப்பது மூன்று காபன் கொண்ட PGA ஆறு. இங்கே ATP உம் செலவாகாது, NADPH உம் செலவாகாது.

அடுத்தது தாழ்த்தல். ஆறு PGA, ஆறு ATP ஐயும் ஆறு NADPH ஐயும் செலவழித்து ஆறு G3P ஆகின்றன. இதுவும் மூன்று காபன் உள்ள வெல்லம்தான். ஆறில் ஒன்றே ஒன்று வட்டத்தை விட்டு வெளியே போகும். மாப்பொருள், சுக்குரோசு, செலுலோசு எல்லாம் அதிலிருந்துதான். குளுக்கோசு கல்வின் வட்டத்தின் நேரடி விளைபொருள் அல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

கடைசியில் மீளுருவாக்கம். மிச்சம் ஐந்து G3P, 15 காபன். மூன்று ATP செலவில் அவை மறுபடி மூன்று RuBP ஆகின்றன.

மொத்தச் செலவு ஒன்பது ATP, ஆறு NADPH. குளுக்கோசு ஒன்றுக்கு இதை இரட்டித்தால்:

6CO₂ + 18ATP + 12NADPH + 12H⁺ → C₆H₁₂O₆ + 18ADP + 18Pi + 12NADP⁺ + 6H₂O

இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்று எழுதிக் கூட்டினால் ATP, NADPH, ADP, NADP⁺ எல்லாம் இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். எஞ்சுவது:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

இடப்பக்கம் ஏன் 12 நீர் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஆறு ஒட்சிசன் மூலக்கூறில் 12 ஒட்சிசன் அணு. அவ்வளவும் நீரிலிருந்து வர வேண்டுமென்றால் 12 நீர் வேண்டும். வலப்பக்கத்து ஆறு நீரும் புதிதாக உண்டானவை.

நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன உழவு இயந்திரம் வெறும் சாக்குகளோடு வயலுக்குத் திரும்பினால்தான் அடுத்த சுமை ஏறும். ADP உம் NADP⁺ உம் அந்த வெறும் சாக்குகள். பஞ்சணையிலிருந்து அவை திரும்பாவிட்டால், எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒளித்தாக்கம் தடைப்படும்.

ஒளியை நிறுத்தினால்

காபனீரொட்சைட்டைப் பதிக்கும் படிக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை. அதை வைத்து, இருள் தாக்கம் இரவில் நடக்கும் என்று எழுதினால் பிழை. காரணத்தைக் கல்வின், பென்சன், பாசம் குழுவினரின் வேலையிலேயே பார்க்கலாம். பேர்க்லியில் அவர்கள் அல்காக்களுக்குக் காபன்-14 கொண்ட காபனீரொட்சைட்டைக் கொடுத்து, சில செக்கன்களில் சூடான மதுசாரத்தில் விழுத்தி, சேர்வைகளைத் தாள் நிறப்பகுப்பில் பிரித்தார்கள். மிகக் குறுகிய நேரத்தில் கதிர்த்தொழிற்பாடு முக்கியமாகத் தெரிந்தது PGA இல். கல்வினுக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் காபனீரொட்சைட்டை அப்படியே விட்டு ஒளியை மட்டும் அணைத்தபோது PGA கூடியது, RuBP விரைவாகக் குறைந்தது. ஏன்? கையிருப்பில் இருந்த RuBP உடன் காபனீரொட்சைட்டு சேர்வது சற்று நேரம் தொடர்கிறது, அதனால் PGA உண்டாகிறது. அதைத் தாழ்த்த ATP உம் NADPH உம் இல்லை, ஆகவே அது தேங்குகிறது. RuBP ஐ மீளுருவாக்கவும் ATP இல்லை, ஆகவே அது தீர்ந்துபோகிறது. ஒளியை விட்டுக் காபனீரொட்சைட்டைக் குறைத்தபோது நிலைமை நேர்மாறானது: RuBP தேங்கியது, PGA குறைந்தது. ஒரு வரைபில் இந்த இரண்டு வளைகோடுகளும் தரப்பட்டால் எது நிறுத்தப்பட்டது என்று சொல்ல இவ்வளவும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒளியில் புரோத்தன்கள் உள்ளே தள்ளப்படுவதால் பஞ்சணையின் pH 7 அளவிலிருந்து 8 அளவுக்கு ஏறுகிறது, மகனீசியம் அயன் செறிவும் கூடுகிறது. ருபிஸ்கோ நன்கு தொழிற்படுவது இந்த நிலையில்தான். வட்டத்தின் வேறு சில நொதியங்களும் ஒளித்தொகுதி I வழியாக வரும் இலத்திரன்களால் தாழ்த்தப்பட்ட பின்பே விழிக்கின்றன. ஆக, இருட்டில் எரிபொருளும் இல்லை, நொதியங்களும் மந்தம்.

நாகதாளி, அன்னாசி போன்றவை இரவில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுப்பது உண்மை. ஆனால் அதை மலிக் அமிலமாகப் புன்வெற்றிடத்தில் சேமித்துவைத்து, பகலில் விடுவித்துத்தான் கல்வின் வட்டத்துக்குக் கொடுக்கின்றன. வன்னி வெயிலில் நீரை மிச்சம்பிடிக்க இது நல்ல வழி.

எங்கள் வயல்களில் இரண்டு வகைத் தாவரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. நெல் C3, சோளம் C4. சிறுபோகத்து நண்பகலில் இலைவாய்கள் ஒடுங்கினால் இலைக்குள் காபனீரொட்சைட்டு குறையும். அப்போது நெல்லின் ருபிஸ்கோ ஒட்சிசனையும் பிடித்துக்கொள்ளும். பதித்த காபனில் ஒரு பங்கு ஒளிச்சுவாசத்தில் இழக்கப்படும். சோளமோ முதலில் இலைநடுவிழையத்தில் காபனீரொட்சைட்டைப் பிடித்து, கட்டுமடற் கலங்களுக்குள் செறிவாக்கி, அங்கே கல்வின் வட்டத்தை நடத்துகிறது. உள்ளீடு அதே காபனீரொட்சைட்டு, வெளியீடு அதே G3P. இப்படிப் பிடிக்கும் ஒவ்வொரு காபனீரொட்சைட்டுக்கும் இரண்டு ATP கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதனால் குளுக்கோசு ஒன்றுக்கு நெல்லின் வட்டத்தில் 18 ATP என்றால் சோளத்தில் 30.