நாற்பது வினாடியில் காலியான கவர்

தம்பிக்கு,

நாம் போடப்போகும் நாற்பது வினாடி கிரிக்கெட் விளக்கப் படத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நடந்த ஆட்டத்தின் பதிவில் 14ஆவது ஓவரின் நான்காம் பந்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள். ஸ்டம்பைப் பறிகொடுப்பவன் நான்தான். வேறொருவர் அவுட் ஆனதைக் காட்டிப் பாடம் நடத்தினால் மறுநாள் டீக்கடையில் அவர் முகத்தில் விழிக்க முடியாது. என்னுடையது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை.

அஸ்வினின் பந்து ஒன்றைக் காட்டலாமே என்று கேட்டாய். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர், காட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒளிபரப்புக் காட்சி நம்முடையதல்ல. நம் பசங்களுக்கும் சுவர்மேல் கைப்பேசியை வைத்துப் பிடித்த நம் மைதானம்தான் சட்டென்று பிடிபடும்.

பந்து கையை விட்டுக் கிளம்பி ஸ்டம்பைத் தொட ஏறக்குறைய ஒரு வினாடி. அந்த ஒன்றைத்தான் நாற்பதாக நீட்டுகிறோம். மூன்று இடத்தில் நிறுத்துகிறோம், நான்காவது வேண்டாம்.

0 – 5 வினாடி. காட்சி ஓடுகிறது.
பந்துவீச்சாளர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் விடுகிறார். மண் திரையின் இடப்பக்கம் பறக்கிறது. பின்னால் வேப்பமரம் ஆடுகிறது.
குரல்: "இந்த மைதானத்தில் ஓர் இடம் மட்டும் காலி. மட்டை பிடித்து நிற்கும் நான் அதைப் பார்த்துவிட்டேன்."

5 – 14. முதல் நிறுத்தம்: ஓடிவரத் தொடங்கும் முன்.
கவரிலிருந்து ஸ்லிப்புக்கு ஒரு மஞ்சள் அம்பு. அம்பு போய்ச் சேர்ந்ததும் கவர் இருந்த இடத்தில் நீல வட்டம்.
குரல்: "கவரில் நின்றவரைக் கேப்டன் ஸ்லிப்புக்கு அழைத்துவிட்டார். பாயிண்டுக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவே ஆளே இல்லை. அங்கே தட்டினால் நான்கு ரன். எந்த மட்டையாளருக்கும் கை அரிக்கும்."

14 – 24. இரண்டாம் நிறுத்தம்: பந்து என் கண்மட்டத்துக்கு மேலே.
திரையின் வலமிருந்து இடமாக வெள்ளைக் கோடுகள் மூன்று, அதுதான் காற்று. பந்தின் பாதை மஞ்சளில், இடப்பக்கம் மெல்ல வளைந்து.
குரல்: "ஆஃப் ஸ்பின்னர் பந்தைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் போடுகிறார். மேற்கிலிருந்து வரும் காற்று அதை ஆஃப் பக்கம் தள்ளுகிறது. பந்து விலகிப் போக, மட்டையும் அதன் பின்னே போகிறது."

24 – 26. காட்சி மெதுவாக நகர்கிறது. குரல் இல்லை.

26 – 34. மூன்றாம் நிறுத்தம்: பந்து தரையில் பட்டு எழுந்தபின்.
மஞ்சள் அம்பு இப்போது வலப்பக்கம் உடைந்து திரும்புகிறது. மட்டைக்கும் முன்காலுக்கும் இடையே நீலப் பட்டை.
குரல்: "தரையில் பட்டதும் பந்து உள்ளே திரும்புகிறது. மட்டை அங்கே, கால் இங்கே. நடுவே ஒரு கதவு."

34 – 40. முழு வேகத்தில் ஓடவிடு. ஸ்டம்ப் சாய்கிறது.
குரல்: "திரும்பாமல் நேரே போய் விளிம்பில் பட்டிருந்தால்? அதற்குத்தான் ஸ்லிப். காலி இடத்துக்குப் பந்து போகவே இல்லை."

இனி உனக்கு மட்டும்.

முதல் ஐந்து வினாடியில் அவசரப்பட்டுக் கை வைத்துவிடாதே. நிறுத்திய படத்தில் காற்று தெரியாது. மரமும் சேர்ந்து நின்றுவிடும். மண் பறப்பதை ஓடும் காட்சியில் பார்த்தவனுக்குத்தான் இரண்டாம் நிறுத்தத்தில் வெள்ளைக் கோடு என்னவென்று புரியும். கைப்பேசியில் பதிவான அந்த உய்யென்ற இரைச்சலை நீக்கும் வசதி உன் செயலியில் இருக்கிறது, தெரியும். முதல் இரண்டு வினாடிக்கு அதை அப்படியே விடு. ஆனி, ஆடியில் நம் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே மேல்காற்று.

அந்தக் கேப்டன் கெட்டிக்காரர். சாயும் வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க ஆடுகளம் தெற்கு வடக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆஃப் ஸ்பின்னரை வடக்கு முனையிலிருந்து போடச் சொன்னதால் மேல்காற்று அவருக்கு வலப்பக்கமிருந்து வந்து, பந்தை வலக்கை மட்டையாளரை விட்டு வெளியே தள்ளியது. தெற்கு முனையிலிருந்து போட்டிருந்தால் இதே காற்று பந்தை என் காலை நோக்கித் தள்ளியிருக்கும், நானும் பேசாமல் லெக் பக்கம் ஒரு ரன் எடுத்திருப்பேன். இதையும் குரலில் சேர்க்க ஆசைதான். எட்டு வினாடி தின்னும். விட்டுவிட்டேன்; பின்னூட்டத்தில் யாராவது கேட்டால் நானே பதில் எழுதுகிறேன்.

நிமிர்த்திப் பிடித்த திரைக்கு வெட்டும்போது ஓரம் போய்விடும். போகிற ஓரத்தில்தான் நம் கவர் இருக்கிறது! காலி இடத்தைக் காட்டவேண்டிய படத்தில் அந்த இடமே இல்லாமல் போனால் என்ன சொல்வது? முதல் நிறுத்தத்துக்கு மட்டும் முழு அகலப் படத்தைச் சுருக்கித் திரையின் மேல்பாதியில் வை, கீழ்ப்பாதியில் எழுத்து. மற்ற இரண்டு நிறுத்தங்களிலும் ஆடுகளம் மட்டும் போதும், தாராளமாக வெட்டு.

பந்தின் பாதைக்கு வெள்ளை வேண்டாம். எல்லோரும் வெள்ளை உடுப்பு, அம்பு காணாமல் போகும். பந்துக்கும் ஆளுக்கும் மஞ்சள், காலி இடத்துக்கு நீலம். கவர் வட்டமும் மட்டைக்கும் காலுக்கும் இடையிலான பட்டையும் ஒரே நீலமாக இருக்கட்டும். அம்பு ஒரே வீச்சில் தோன்றக்கூடாது. குரல் "தள்ளுகிறது" என்னும்போது அது கிளம்பவேண்டும். போன முறை நீ ஒரு படத்தில் ஏழு அம்பு போட்டாய். பார்த்தவர்களுக்குப் பஸ் நிலைய வரைபடம் போல இருந்தது.

மூன்றாம் நிறுத்தத்துக்குப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார். நான் வினாடிக்கு 60 பிரேமில் எடுத்திருக்கிறேன். பந்து தரையில் பட்டதிலிருந்து மட்டையைக் கடக்கும்வரை பத்துப் பிரேம்கூட இருக்காது. மட்டைக்கும் காலுக்கும் நடுவே பந்து முழு உருண்டையாகத் தெரியும் பிரேம் ஒன்றே ஒன்று. அதற்கு முந்தியதில் பந்து மட்டைக்கு முன்னால் நிற்கிறது, அடித்துவிடுவேன் போலத் தெரியும். அடுத்ததில் கால்காப்பு மறைத்துவிடுகிறது.

திரையில் போடும் எழுத்தில் "பேட்" என்று எழுதாதே. நம் எழுத்தில் மட்டையும் பேட், காலில் கட்டுவதும் பேட். "பேட்டுக்கும் பேடுக்கும் நடுவே" என்று போனமுறை எழுதியதைப் பார்த்து நம் அண்ணாச்சியே எது எது என்று கேட்டார். மட்டை, கால்காப்பு, அவ்வளவுதான். ஸ்லிப், கவர், பாயிண்ட் எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும். தமிழாக்கினால் விளையாடுகிறவனுக்கே புரியாது.

குரலை இன்று இரவே பேசி அனுப்புகிறேன். மொத்தம் எண்பது சொல்லுக்கு உள்ளேதான் வரும், ஓட்டமாகப் பேசவேண்டியதில்லை. "நடுவே ஒரு கதவு" என்றபின் அரை வினாடி சும்மா விடு.

ஸ்டம்ப் சாயும் சத்தத்தைக் குறைக்காதே, நன்றாகக் கேட்கட்டும். அதன் பின்னால் பந்தலில் நம் ஆட்கள் சிரிப்பது கேட்கிறதே, அதை வேண்டுமானால் எடுத்துவிடு.