புவித்தட்டும் பாறைச் சுழற்சியும்: பிளஸ் ஒன் புவியியல் திருப்புதல் தாள் (தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு)

முன்பு வந்த கேள்விகளிலிருந்து எடுத்த ஐந்து விடைகள் இவை. படம் பென்சிலில், கால் பக்க அளவில் போதும். பாகங்களின் பெயர்களைப் படத்துக்கு வலப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவும். குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. நிழல் தீட்டத் தேவையில்லை. ஆனால் தட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் அம்புக்குறி இல்லாத படம் பாதிப் படம்தான்.

கேள்வி 1. கடல் தட்டும் கண்டத் தட்டும் இணையும் எல்லையைப் படம் வரைந்து விளக்குக. (5 மதிப்பெண்)

```
                             4
                            /^\
~~~~~~~~~~~~~~~~~~~~  _____/ | \_________
________________   2 /       |
  1  --->       \   /        |   3  <---
____________      \/         |
            \       \________|___________
              \   6   \      |
                \       \    5
                  \       \ o o
                    \       \
                      \       \
```

1 – கடல் தட்டு. 2 – அகழி. 3 – கண்டத் தட்டு. 4 – எரிமலை. 5 – பாறைக்குழம்பு. 6 – அமிழும் தட்டு.

விடை: கடலடி மேலோடு பசால்ட்டால் ஆனது, அடர்த்தி சுமார் 3.0 கிராம்/க.செ.மீ. கண்ட மேலோடு பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறைகளால் ஆனது. அடர்த்தி சுமார் 2.7. இரண்டும் மோதும்போது கனமான கடல் தட்டு கண்டத் தட்டின் அடியில் அமிழ்கிறது. வளையும் இடத்தில் ஆழமான அகழி உண்டாகிறது. தட்டு ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது அதன் கனிமங்களில் இருந்த நீர் வெளியேறுகிறது. அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால், கவசத்தின் ஒரு பகுதி உருகிக் குழம்பாகி மேலெழுந்து எரிமலையாகிறது. எடுத்துக்காட்டு: நாஸ்கா தட்டு தென் அமெரிக்கத் தட்டின் அடியில் அமிழ்வதால் உண்டான பெரு-சிலி அகழியும் ஆண்டிஸ் மலைத்தொடரும்.

தவறும் இடங்கள்: “உராய்வு வெப்பத்தால் தட்டு உருகி எரிமலை ஆகிறது” என்று பலர் எழுதுகிறார்கள். உருகுவதற்கு முக்கியக் காரணம் நீர்; முதன்மையாக உருகுவது மேலே உள்ள கவசம். எரிமலையை அகழிக்கு நேர் மேலே வரைவது அடுத்த பிழை. தட்டு சாய்வாக இறங்கி 100 கி.மீ. ஆழம் போவதற்குள் பக்கவாட்டிலும் வெகுதூரம் போய்விடும். அதனால் எரிமலை எப்போதும் கண்டத்தின் உட்பக்கம் தள்ளித்தான் இருக்கும்.

கேள்வி 2. இமயமலையில் எரிமலைகள் ஏன் இல்லை? (3 மதிப்பெண்)

விடை: இந்தியத் தட்டும் யுரேசியத் தட்டும் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கின. மோதும் இரண்டும் கண்டப் பகுதிகள். இரண்டுமே அடர்த்தி குறைந்தவை. எனவே எதுவும் எளிதில் ஆழமாக அமிழவில்லை. மேலோடு மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்தது. கண்ட மேலோட்டின் சராசரித் தடிமன் சுமார் 35 கி.மீ.; இங்கே ஏறத்தாழ 70 கி.மீ. நீர் செறிந்த கடல் தட்டு இப்போது அமிழாததால் எரிமலைக்கான குழம்பு உண்டாவதில்லை. எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினப் புதைபடிவங்கள் கொண்ட சுண்ணாம்புக்கல் இருப்பது, நடுவில் இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் மேலே தூக்கப்பட்டதைக் காட்டுகிறது.

படம் கேட்டால் எதிரெதிர் அம்புகள், நடுவில் மடிப்புகள், அடியில் தடித்த மேலோடு போதும். முதல் கேள்வியின் படத்தைப் பழக்கத்தில் அப்படியே வரைந்து அகழியும் எரிமலையும் போட்டுவிட்டால் விடையும் படமும் ஒன்றையொன்று மறுக்கும்.

கேள்வி 3. விலகும் எல்லை, பக்க நகர்வு எல்லை: சிறுகுறிப்பு. (2 + 2)

விலகும் எல்லையில் தட்டுகள் பிரிகின்றன. அடியிலிருந்து எழும் குழம்பு குளிர்ந்து புதிய கடலடியாகிறது. நடு அட்லாண்டிக் தொடரில் இது ஆண்டுக்குச் சராசரியாக 2.5 செ.மீ. அளவில் நடக்கிறது. தொடரின் இருபுறமும் பாறைகளின் வயது ஒரே மாதிரி கூடிக்கொண்டே போவதும், காந்தப் பட்டைகள் இருபக்கமும் ஒத்திருப்பதும் சான்று. ஹாரி ஹெஸ் 1962-இல் வெளியிட்ட கடலடி பரவல் கருத்துக்கு இது துணை நிற்கிறது. வெக்னரின் 1912 கண்ட நகர்வுக் கோட்பாட்டோடு இதைக் குழப்ப வேண்டாம். கண்டங்கள் நகர்ந்தன என்றார் அவர், எது நகர்த்தியது என்பதற்கு அவரிடம் ஏற்கத்தக்க விடை இல்லை.

பக்க நகர்வு எல்லையில் தட்டுகள் உரசிக் கடக்கின்றன. மேலோடு உருவாவதுமில்லை, அழிவதுமில்லை. நிலநடுக்கம் உண்டு, எரிமலை பொதுவாக இல்லை. எ.கா. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு.

கேள்வி 4. பாறைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக. (5 மதிப்பெண்)

நான்கு பெட்டி: மேலே தீப்பாறை, வலப்பக்கம் படிவுப்பாறை, கீழே உருமாறிய பாறை, இடப்பக்கம் பாறைக்குழம்பு. பிறகு இந்த அம்புகள். ஒவ்வொரு அம்பின்மேலும் செயல்முறையின் பெயர் இருக்க வேண்டும்.

```
குழம்பு   -- குளிர்ந்து இறுகல் -->            தீப்பாறை
தீப்பாறை  -- சிதைவு, அரிப்பு, படிதல், இறுகல் --> படிவுப்பாறை
படிவுப்பாறை -- வெப்பம், அழுத்தம் -->          உருமாறிய பாறை
உருமாறிய பாறை -- உருகுதல் -->               குழம்பு
தீப்பாறை  -- வெப்பம், அழுத்தம் -->            உருமாறிய பாறை
உருமாறிய பாறை -- சிதைவு, அரிப்பு, படிதல், இறுகல் --> படிவுப்பாறை
```

முதல் நான்கு அம்புகள் மட்டும் வரைந்தால் ராட்டினம் போல ஒரே வட்டமாகிவிடும். எல்லாப் பாறையும் வரிசையாக எல்லா நிலையையும் கடக்க வேண்டும் என்று ஆகிவிடும், அது தவறு. கடைசி இரண்டும் குறுக்கு வழிகள். சுழற்சியைப் புரிந்து எழுதியவரை அடையாளம் காட்டுவது அவைதாம்.

விடைக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள்: கிரானைட், பசால்ட் (தீ), மணற்கல், சுண்ணாம்புக்கல் (படிவு), சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக, மணற்கல் குவார்ட்சைட்டாக, கிரானைட் நைஸாக மாறுவது (உருமாற்றம்). உருமாற்றத்தில் பாறை உருகுவதில்லை. திண்ம நிலையிலேயே கனிமங்கள் மறுபடிகமாகின்றன. “உருகி உருமாறியது” என்று எழுதினால், உருகிய பாறை குழம்பாகிவிடுமே என்ற கேள்விக்கு விடை இருக்காது.

ஒகேனக்கல்லில் காவிரி பாறையைத் தேய்த்து இழுத்துப் போகிறது. அந்த மணலும் வண்டலும் பெரும்பகுதி மேட்டூர் அணையில் தங்கிவிடுகின்றன. அது அரிப்பு, கடத்தல், படிதல். ஆனால் அங்கே கிடப்பது இன்னும் படிவுப்பாறை அல்ல, படிவு மட்டுமே. மேலே படியும் அடுக்குகளின் எடையால் இறுகி, துகள்களுக்கிடையே சுண்ணப்பொருளோ சிலிகாவோ பசையாக ஒட்டிய பிறகுதான் பாறை. இந்த “இறுகல்” என்ற சொல் விடுபட்டால் அம்பு பாதியில் நிற்கிறது.

கேள்வி 5. கிரானைட், நைஸ்: வேறுபடுத்துக. (2 மதிப்பெண்)

விடை: கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா படிகங்கள் திசையின்றிக் கலந்திருக்கும், அது தீப்பாறை. நைஸில் வெளிர், கரும் கனிமங்கள் பட்டைபட்டையாகப் பிரிந்திருக்கும். அது உருமாறிய பாறை.

நம் பக்கத்து மாணவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். காரணம் கடைப் பெயர். பாலிஷ் போட்டு விற்பதெல்லாம் இங்கே “கிரானைட்”தான். கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டும் பாரடைசோ பலகையை எடுத்துப் பாருங்கள்: ஊதாவும் கருப்பும் அலை அலையாக ஓடும். அந்த அலைகள் நைஸின் அடையாளம். பகுதியாக உருகிய கோடுகளும் அதில் கலந்திருக்கும். “கருப்பு கிரானைட்” என்பது பெரும்பாலும் டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளில் குழம்பு புகுந்து சுவர்போல உறைந்தது. தீப்பாறைதான், ஆனால் கிரானைட் இல்லை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. விடைத்தாளில் கிரானைட்டுக்கு உள்ளூர் எடுத்துக்காட்டு எழுதுவதானால் கடைப் பெயரை விட்டுவிட்டுக் கல்லின் தோற்றத்தை எழுதவும்.